எல்லாத் திட்டத்துக்கும் ஒரே ஹர்டில் ரேட்டா?

நடுத்தர நிறுவனங்களின் போர்டு நோட்டில் "நம்ம ஹர்டில் ரேட் 16 சதவீதம்" என்று ஒரு வரி பல ஆண்டுகளாக அப்படியே கிடக்கும். ஒரு திட்டம் குறைந்தது இவ்வளவு வருவாய் தந்தால்தான் எடுப்போம் என்ற கோல் அது. யார் வைத்தது, எதிலிருந்து வந்தது என்று கேட்டால் பதில் வராது. புதிய மெஷின், சோலார், புது யூனிட் எல்லாவற்றையும் அந்த ஒரே கோலால் அளந்து, ஐஆர்ஆர், அதாவது திட்டம் தரும் ஆண்டு வருவாய் விகிதம், அதிகமானதை மேலே வைப்பார்கள். இந்தப் பழக்கம் தப்பான திட்டத்தை முன்னுக்குத் தள்ளும் என்பது என் கருத்து. எப்படி என்று கணக்கோடு பார்ப்போம்.

கொங்குப் பக்கத்து நூற்பாலை ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனி. அதன் கடனுக்கும் பங்குக்கும் சேர்த்து ஆகும் சராசரிச் செலவை, அதாவது WACC-ஐ, முதலில் கணக்கிடுவோம். வங்கிக் கடன் 60 கோடி, பேலன்ஸ் ஷீட்டில் நெட் வொர்த்தும் 60 கோடி. உடனே "பாதிக்குப் பாதி" என்று எடை போடுவதுதான் முதல் தவறு. புத்தக மதிப்பு என்பது என்றைக்கோ போட்ட பணம்; இன்று அந்தப் பங்குக்கு என்ன விலை என்பதே கணக்கு. வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபமான எபிட்டா ஆண்டுக்கு 25 கோடி, இந்த மாதிரி ஆலைகள் கைமாறும்போது அதைப்போல 6 மடங்கு கிடைக்கிறது என்று வைத்தால் மொத்த மதிப்பு 150 கோடி. கடனைக் கழித்தால் பங்கு 90 கோடி. ஆக எடை பங்குக்கு 60, கடனுக்கு 40 சதவீதம்.

கடன் வட்டி 10 சதவீதம். சலுகை விகிதத்தில் வரி கட்டும் கம்பெனிக்கு சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து 25.17 சதவீதம் வரி; வட்டிக்கு வரிச்சலுகை போக நிகரச் செலவு 7.48. பங்குக்கு, அரசுப் பத்திர வருவாய் 7, சந்தை ரிஸ்க்குக்காகக் கூடுதல் 7 என்று எடுப்போம். பட்டியலிடப்பட்ட நூற்பாலைகளின் பீட்டாவில், அதாவது சந்தையோடு சேர்ந்து பங்கு எவ்வளவு ஆடுகிறது என்ற அளவில், அவர்களுடைய கடனின் தாக்கத்தை நீக்கினால் 0.8 வருகிறது என்று வைத்து, நம் கடன் விகிதத்தை அதில் ஏற்றினால் 1.2. பங்குச் செலவு 7 + 1.2 × 7 = 15.4.

```
WACC = 0.60 × 15.4 + 0.40 × 7.48 = 12.2%
```

இந்த 12.2 யாருடைய விலை? இன்றைக்கு ஓடுகிற ஆலையின் ரிஸ்க்குக்கான விலை. அதே ரிஸ்க் உள்ள திட்டத்துக்கு மட்டும்தான் இது பொருந்தும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கையில் 16 கோடி, திட்டம் மூன்று. எந்தத் திட்டத்தையும் பாதியாகச் செய்ய முடியாது.

சோலார்: முதலீடு 8 கோடி, 25 ஆண்டுகளுக்கு வரி போக ஆண்டுக்கு 1.1 கோடி மிச்சம். (பேனல் திறன் குறைவதும் மின் கட்டணம் ஏறுவதும் ஒன்றுக்கொன்று ஈடு என்று எளிமையாக வைத்திருக்கிறேன்.) ஐஆர்ஆர் 13.1.
புதிய ஆட்டோகோனர் எனும் நூல் சுற்றும் மெஷின்: 6 கோடி, 8 ஆண்டுகளுக்கு 1.6 கோடி வீதம். ஐஆர்ஆர் 20.8.
ஏற்றுமதி கார்மென்ட் யூனிட்: 10 கோடி, 8 ஆண்டுகளுக்கு 2.5 கோடி வீதம். ஐஆர்ஆர் 18.6.

பழைய 16 சதவீதக் கோல் சோலாரை வாசலிலேயே துரத்திவிடும். மற்ற இரண்டும் சேர்ந்து சரியாக 16 கோடி. கூட்டம் முடிந்தது, டீ வந்தது.

"கொஞ்சம் சேஃப்டிக்காக" ஹர்டில் ரேட்டில் நாலு சதவீதம் ஏற்றி வைப்பது எச்சரிக்கை மாதிரி தெரியும். ஆனால் அந்த நாலு ஒவ்வொரு ஆண்டும் கூட்டு வட்டியாகப் பெருகும். அதனால் நீண்ட ஆயுள் உள்ள திட்டத்துக்குத்தான் அடி பலம். சோலாரின் 20ஆம் ஆண்டு மிச்சமான 1.1 கோடிக்கு 12.2 சதவீதத்தில் இன்றைய மதிப்பு சுமார் 11 லட்சம். 16 சதவீதத்தில் 6 லட்சம்கூட இல்லை. அந்த நாலு எந்த ரிஸ்க்குக்காக என்று யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். ஆர்டர் வராது என்ற பயம் இருந்தால் வரவில் குறைத்துக் காட்டுங்கள். விகிதத்துக்குள் ஒளித்து வைக்காதீர்கள்.

சரி, 16ஐ விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் 12.2 போட்டால்? என்பிவி, அதாவது வரவுகளின் இன்றைய மதிப்பில் முதலீடு போக மிச்சம், இப்படி வரும்: சோலார் 0.51 கோடி, ஆட்டோகோனர் 1.89, கார்மென்ட் 2.33. இப்போதும் கார்மென்ட், ஆட்டோகோனர் ஜோடிதான் முன்னால்.

இனி ஒவ்வொன்றுக்கும் அதனதன் விகிதம். ஆட்டோகோனர் இதே ஆலைக்குள், இதே நூலுக்கு, அதனால் 12.2. சோலாரின் மிச்சம் நூல் விலையோடு ஆடுவதில்லை, மின் கட்டணத்தைத்தான் பின்தொடர்கிறது. கடன் நீக்கிய பீட்டாவை 0.5ஐ ஒட்டி வைத்தால் விகிதம் 10.5க்குப் பக்கத்தில் நிற்கும். கார்மென்ட் வேறு தொழில். வெளிநாட்டு பையர், சீசன், டாலர் எல்லாம் உள்ளே வரும். கடன் நீக்கிய பீட்டா 1.1. இந்த யூனிட்டின் வரவை நம்பி வங்கி அதிகம் கடன் தராது என்பதால் கடன் எடை 20 சதவீதம்தான். அதில் 14.4 வருகிறது.

இப்போது சோலார் 1.61 கோடி, ஆட்டோகோனர் 1.89, கார்மென்ட் 1.44. சோலாரும் ஆட்டோகோனரும் சேர்ந்து 3.50 கோடி, கார்மென்ட்டும் ஆட்டோகோனரும் 3.33 கோடி. 12.2ல் 2.40க்கு 4.22 என்று தோற்ற ஜோடி இப்போது ஜெயிக்கிறது. அதுவும் 14 கோடியில் முடிந்து 2 கோடி கையில் மிஞ்சுகிறது.

சரிபார்க்க நினைப்பவர்களுக்கு எக்ஸெலில்:

```
=PV(10.5%,25,-1.1)-8
=PV(14.4%,8,-2.5)-10
```

NPV ஃபங்ஷன் பயன்படுத்துபவர்கள் முதலீட்டை அடைப்புக்குள் போடாதீர்கள். அது முதல் தொகையையே ஓராண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். முதலீட்டை வெளியே தனியாகக் கழிக்க வேண்டும்.

"சோலாருக்கு வங்கி 9.5ல் கடன் தருகிறது, வரி போக ஏழு சொச்சம்தானே, அதுதானே ஹர்டில்?" என்று ஒரு கேள்வி கட்டாயம் வரும். இல்லை. வங்கி அந்த விலையில் தருவது உங்கள் பங்குப் பணம் பின்னால் தாங்கி நிற்பதால்தான். இன்று சோலாருக்கு வாங்கும் கடன், நாளை கார்மென்ட்டுக்கு வாங்கக்கூடிய கடனைக் குறைத்துவிடும்.

இன்னொரு தவறு புராஜெக்ட் ரிப்போர்ட்களில் அடிக்கடி தென்படும். ஆண்டு வரவில் வட்டியைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மறுபடி 12.2ல் தள்ளுபடி செய்வார்கள். வட்டி அந்த 12.2க்குள் ஏற்கெனவே இருக்கிறது, அதன் வரிச்சலுகையும் இருக்கிறது. வரவுக் கணக்கில் "டேர்ம் லோன் வட்டி" என்ற வரி தெரிந்தால் அந்த என்பிவியை நம்பாதீர்கள்.

ஆனால் என் கணக்கையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 3.50க்கும் 3.33க்கும் இடைவெளி 17 லட்சம்தான். கார்மென்ட்டின் ஆண்டு வரவு 2.5 கோடிக்குப் பதில் 2.55 கோடி என்றால் அந்த ஜோடி 3.56க்கு ஏறி முந்திவிடும். ஆண்டுக்கு 5 லட்சத்தில் முடிவு மாறுகிற இடத்தில் பீட்டா 1.1ஆ 1.15ஆ என்று மல்லுக்கட்டுவது வீண். பையர் எத்தனை சீசனுக்கு ஆர்டர் உறுதி தந்திருக்கிறார், பீஸுக்கு என்ன மார்ஜின், சோலாருக்கு மின்வாரியக் கட்டண விதி மாறினால் அந்த 1.1 கோடியில் எவ்வளவு நிற்கும் என்ற மூன்று தாள்களும் அடுத்த கூட்டத்துக்கு வரட்டும்.