கோணிய ஹேண்டில்பார்: திருப்பிவிட்டால் மட்டும் போதாது

“மெதுவா விழுந்த வண்டிக்கு ஒண்ணும் ஆகாது. ஹேண்டில்பார் கோணியிருந்தா முன்சக்கரத்தக் காலிடுக்குல பிடிச்சுத் திருப்புங்க, நேராயிரும்.”

கீழே விழுந்த பைக்கில் எதைப் பார்க்க வேண்டும் என்ற பேச்சில் ஒருவர் சொன்ன இந்த யோசனை பாதிதான் சரி. முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கும் ஃபோர்க் குழாய்கள் தம்மைப் பிடித்திருக்கும் கவ்விகளுக்குள் சற்றுத் திரும்பியிருந்தால் மட்டுமே இம்முறை பலிக்கும். சென்ற ஐப்பசி மழையில் வண்ணார்பேட்டையில் சறுக்கி விழுந்த என் தம்பியும் அப்படித்தான் திருப்பிவிட்டு ஓட்டினான். இரண்டு நாளாக வண்டி இடப்பக்கமே இழுத்தது. பாளையங்கோட்டை மெக்கானிக் இரு குழாய்களின் மீதும் ஒரு கண்ணாடித் துண்டைப் படுக்கவைத்தபோது அதன் ஒரு மூலை ஆடியது. கீழ்க்கவ்வி போல்ட்டுகளையும் அச்சையும் தளர்த்தி நேராக்கிய பின்னும் அது ஆடவே, குழாய்களைக் கழற்றிச் சமதளத்தில் உருட்டினார். ஒன்று வளைந்திருந்தது, மாற்றினோம்.

அதே பேச்சில், எண்ணெய் சொட்டினால் எஞ்சின் போயிற்று என்று அஞ்சிய நண்பர் முதலில் முகர்ந்து பார்க்கட்டும். சாய்ந்து கிடந்த வண்டியில் வழிந்த பெட்ரோலாக இருந்தால் துடைத்ததும் உலர்ந்துவிடும், ஆனால் ஃபோர்க் குழாயில் வளையமாகப் படியும் எண்ணெய், கசிவைத் தடுக்கும் சீல் பழுதானதைக் காட்டும். விழுந்த அடியை லெக் கார்டு தாங்கிவிட்டது என்று அங்கே சொன்ன அண்ணாச்சி, அது பொருந்தியுள்ள இடத்திலும் ஹேண்டில் கழுத்தருகிலும் பெயின்ட்டில் மயிரிழைக் கீறல் உண்டா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. வளைந்த பிரேக் லிவரை நிமிர்த்தலாமா என்பதில் மெக்கானிக்குகளே ஒத்துப்போவதில்லை. அலுமினியம் நிமிர்த்தும்போது விரிசல் விடும் என்பதால் நான் மாற்றிவிடுவேன்.