தலைப்பை மட்டும் படித்துவிட்டு வந்தவர்களுக்கு

சனிக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும், வீடியோவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் மொழிபெயர்த்த நூலுக்கு மூலத் தலைப்பைச் சொல்லுக்குச் சொல் மாற்றாமல் வேறொன்று வைத்தேன், அது ‘மூலத்துக்குச் செய்த துரோகம்’ என்றார் நண்பர். மேடையில் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

தலைப்பைச் சொல்லுக்குச் சொல் மாற்றுவதுதான் நேர்மையாம். சரி, அதைச் சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்புகளை வைத்தே பார்ப்போம். மலையாள நாவலாசிரியர் தகழியின் ‘தோட்டியுடெ மகன்’ அவர் கையில் ‘தோட்டியின் மகன்’ ஆனது. உருபு மாறியதோடு வேலை முடிந்தது. ஆனால் தகழியின் ‘செம்மீன்’ தமிழிலும் ‘செம்மீன்’தான். மலையாளத்தில் அது இறால். உங்கள் கணக்குப்படி அந்த நாவல் ‘இறால்’ என்றல்லவா வந்திருக்க வேண்டும்? கறுத்தம்மாவை நினைத்துப் பரீக்குட்டி கடற்கரையில் பாடிப் பாடி ஏங்கும் கதைக்கு ‘இறால்’! யார் கையில் எடுப்பார்கள்?

சோம்பலில் விட்ட தலைப்பு இல்லை அது. செம்மையும் மீனும் நமக்கும் சொந்தம், அதனால் யாரும் தடுக்கி விழுவதில்லை. எந்த மீன் என்று தெரியாவிட்டாலும் கடல் வந்துவிடுகிறது. (புறநானூறு 60இல் செம்மீன் என்பது வானத்து மீன். நடுக்கடலில் தெரியும் படகு விளக்கைப் போல அது மினுக்குகிறதாம். தற்செயல்தான், ஆனாலும் என்ன பொருத்தம்!)

‘அப்போ எல்லாவற்றையும் ஒலியிலேயே விட்டுவிடலாமே’ என்று ஒருவர் கிளம்புவார். முடியாது ஐயா. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யை அப்படியே ஆங்கில எழுத்தில் போட்டால், அங்கே படிப்பவருக்கு அது வெறும் சத்தம். ஆள் பேரா, ஊர்ப் பேரா என்றே தெரியாது. வ. கீதா ‘சீசன்ஸ் ஆஃப் தி பாம்’ என்று புதிதாக வைத்தார். ஆடு மேய்க்கும் பிள்ளைகளின் காடும் பனையும் அதில் வந்துவிட்டன. ‘மாதாரி’ என்று பெயரிலேயே இருந்த சாதி போய்விட்டதே என்றால், ஆமாம், போய்விட்டது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அதைத் துரோகம் என்று சொல்ல மாட்டேன். படிக்கப்போகிறவரை நினைத்து வைத்த தலைப்பு அது. நானும் அதைத்தான் செய்தேன்.

‘மூல ஆசிரியரைக் கேட்டீர்களா?’ கேட்டேன். சம்மதித்தார். மேடையில் இதை யாராவது என்னிடம் கேட்டிருக்கலாம்.

என் முதல் மொழிபெயர்ப்புக்கு நான் கொடுத்த தலைப்பை அச்சுக்குப் போகும்போது பதிப்பகமே மாற்றியது. விற்குமாம், அதனால் ‘காதல்’ என்ற சொல்லைச் சேர்த்துவிட்டார்கள். நாவலில் காதலே கிடையாது! புத்தகக் கண்காட்சிக் கடையில் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. அட்டையில் என் பெயரும் இல்லை, உள்ளே விலைக்கு மேலே பொடி எழுத்தில் கிடந்தது. மதிப்புரை எழுதியவர்களும் ‘சரளமான நடை’ என்று பாராட்டினார்கள், யாருடைய நடை என்று எழுதவில்லை. அப்போதெல்லாம் துரோகம் என்ற சொல் எவர் வாயிலும் வரவில்லை. தலைப்பு என்றதும்தான் எல்லோருக்கும் மூலமொழி தெரிந்துவிடுகிறது.