ராணுவ சர்வீஸ் தானாகச் சேருமா?

"ராணுவத்தில் 15 வருஷம் இருந்தவர் மத்திய அரசு வேலைக்கு வந்தால், அந்த வருஷங்களும் சிவில் பென்ஷனில் தானாகவே சேரும்."

தானாகச் சேராது. 2021 டிசம்பர் வரை இருந்த மத்திய அரசு ஊழியர்களுக்கான 1972 பென்ஷன் விதிகளில் விதி 19 இதற்கு எழுத்துப்பூர்வமான விருப்பம் கேட்டது. கெடுவுக்குள் எழுதித் தராவிட்டால், ராணுவ பென்ஷனையே வைத்துக்கொள்கிறார் என்று அர்த்தம். சேர்க்க வேண்டுமானால் அந்த பென்ஷனை விடவேண்டும், வாங்கிய கிராஜுவிட்டியையும் திருப்பவேண்டும். அதிகபட்சம் 36 மாதத் தவணை. முழுத் தொகையும் கட்டி முடிந்த பிறகுதான் கணக்கில் ஏறும்.

சரி, லாபமா? 15 வருஷம் ராணுவத்தில் இருந்து, 2002இல் சிவில் வேலையில் சேர்ந்து 2022இல் ஓய்வு பெற்றவரை எடுத்துக்கொள்ளுங்கள். 6வது ஊதியக் குழுவுக்குப் பிறகு 10 வருஷ சர்வீஸுக்கே கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷன். அவருக்கோ சிவிலிலேயே 20 வருஷம். ராணுவ வருஷங்களைச் சேர்த்தாலும் பென்ஷன் ஒரு ரூபாய்கூட ஏறாது. கிராஜுவிட்டி மட்டும் 10 மாதச் சம்பளத்திலிருந்து உச்சவரம்பான பதினாறரை மாதத்துக்குப் போகும். அதற்காக ஆயுள் முழுக்க வரும் ராணுவ பென்ஷனை விடுவதா? சிவில் சர்வீஸ் 10 வருஷத்தைத் தொடாதவர்தான் யோசிக்கவேண்டும்.

2010இல் சிவில் வேலையில் சேர்ந்தவருக்கும் இது பொருந்துமா? 1.1.2004 முதல் சேர்ந்தவர்களுக்குப் பொதுவாக தேசிய பென்ஷன் திட்டமான என்பிஎஸ்தான், அங்கே இந்தக் கூட்டல் கிடையாது. ராணுவ பென்ஷன் தனியாக வந்துகொண்டிருக்கும்.

ஒப்பந்தத்தில் வேலை பார்த்த வருஷங்களும் பென்ஷனுக்குச் சேரும் என்று சொல்வது பாதி சரி. அதற்கு 1972 விதிகளில் விதி 17 இருந்தது. இடைவெளி இல்லாமல் நிரந்தரமாகியிருக்கவேண்டும், அப்புறம் சேமநிதியில் அரசு போட்ட பங்கைத் திருப்பவேண்டும்.