ஊனோ: +4 கார்டை நினைத்தபோது போட முடியாது

ஊனோ சீட்டாட்டம் பற்றி ஃபார்வர்டாகச் சுற்றும் ஒரு செய்தி: "ஊனோல +4 கார்டை எப்ப வேணும்னாலும் போடலாம். உங்க மேல +4 விழுந்தா, நீங்களும் ஒண்ணு போட்டு எட்டு கார்டையும் அடுத்தவர் தலையில கட்டலாம்!"

இரண்டுமே தவறு. பெட்டிக்குள் வரும் மேட்டல் நிறுவனத்தின் விதித்தாளைப் பிரித்துப் பாருங்கள். அடுத்தவரை நாலு கார்டு எடுக்க வைக்கும் இந்த +4-ஐ, மேலே கிடக்கும் கார்டின் நிறம் உங்கள் கையில் இல்லாதபோதுதான் போடலாம். எண் ஒத்துப்போவது தடையில்லை.

மேலே பச்சை 7 கிடக்கிறது, உங்களிடம் நீல 7, சிவப்பு 3, +4 இருக்கின்றன என்று வையுங்கள். பச்சை இல்லை, தாராளமாகப் போடலாம். அந்த 3 பச்சையாக இருந்தால் கூடாது. சந்தேகப்பட்டு அடுத்தவர் சவால் விட்டால் அவரிடம் கையிலுள்ள கார்டுகளைக் காட்ட வேண்டும். மாட்டினால் நாலு கார்டை நீங்களே எடுக்க வேண்டியதுதான். சவால் தப்பென்றால் அவருக்கு ஆறு. நிறத்தை மட்டும் மாற்றும் சாதாரண வைல்டு கார்டுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

+4 மேல் +4 அடுக்குவது வீட்டு விதி. அது கிடையாது என்று 2019-இல் ஊனோவின் ட்விட்டர் கணக்கே சொன்னது. எல்லோரும் ஒத்துக்கொண்டு ஆடினால் சரி, ஆனால் அதிகாரப்பூர்வ விதி இல்லை.

+4-ஐக் கடைசி கார்டாக வைத்திருப்பது நல்ல உத்திதான். வேறு கார்டே இல்லாததால் எந்த நிறத்தின் மேலும் செல்லும். ஆனால் அதற்குள் வேறொருவர் முடித்துவிட்டால், அது அவருக்கு 50 புள்ளி. பக்கத்தில் ஒருவர் "ஊனோ" சொல்லிவிட்டால் நான் பதுக்க மாட்டேன்.

அந்தச் செய்தியை இனி ஃபார்வர்டு செய்யாதீர்கள்.