ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் தனித்தனி 5 லட்சமா?

“முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா ஒவ்வொரு டயாலிசிஸுக்கும், ஒவ்வொரு கீமோவுக்கும் தனித்தனியா 5 லட்சம் கிடைக்குமாமுங்க. எல்லாருக்கும் அனுப்புங்க.” - ஈரோடு, கோவைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி.

தவறு. 5 லட்சம் என்பது ஒரு குடும்பத்துக்கு, ஒரு காப்பீட்டு ஆண்டுக்கு. சிகிச்சைக்குத் தனித்தனியாக அனுமதி வாங்குவதைப் பார்த்துத்தான் இந்தக் குழப்பம் வந்திருக்கும். அனுமதி எத்தனை தடவை வாங்கினாலும் பணம் கழிவது ஒரே தொகையிலிருந்துதான்.

கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ். ஒரு தடவைக்கு 1,500 ரூபாய் என்று கணக்குக்கு எடுத்தால், வருடத்தில் 104 தடவைக்கு 1,56,000. அதே வருடம் அம்மாவுக்கு ஆறு கீமோ, தலா 25,000 என்றால் 1,50,000. மொத்தம் 3,06,000 போக, வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து மிச்சம் 1,94,000. இதற்கு நடுவில் மகனுக்குப் பெரிய ஆபரேஷன் வந்தால் இந்த மிச்சத்துக்குள்தான் பார்க்க வேண்டும். செய்தியை நம்பி இருந்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கழிவது திட்டம் அந்தச் சிகிச்சைக்கு நிர்ணயித்த தொகை, ஆஸ்பத்திரி தன் இஷ்டத்துக்குப் போடும் பில் அல்ல. அதனால் சிகிச்சைக்குப் போன தேதிகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு மாதத்தில் எட்டுத் தடவை போயிருக்க, பத்துத் தடவைக்குப் பணம் கழிந்திருந்தால் உடனே தெரிந்துவிடும். அப்புறம், வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். மிச்சம் எவ்வளவு என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் கேட்கலாம். புகார் என்றால் 1800 425 3993.