12 என்ற எண் எல்லா நிலத்துக்கும் வரம்பாகாது

நில உயரத் தரவைக் கொண்டு நீர் சேரும் இடங்களைக் கணிக்கும் ஈரக் குறியீடு பற்றி ஒருவர் இப்படிச் சொன்னார்:

"ஈரக் குறியீடு 12-ஐத் தாண்டிய இடமெல்லாம் நீர் தேங்கும், அங்கே வடிகால் வெட்டினால் போதும்."

இது பாதிதான் சரி. இந்தக் குறியீட்டின் சூத்திரம் TWI = ln(a / tan β). இதில் a என்பது ஓரலகு அகலத்துக்கு மேலிருந்து நீர் வந்துசேரும் பரப்பு, tan β என்பது சரிவு. a 500 மீட்டர், சரிவு 0.01 எனில் 10.8 வரும், சரிவு 0.001 ஆனால், நீர்வரத்து சற்றும் கூடாமலேயே 13.1 ஆகிவிடும். 10 மீட்டர் கட்டத்தில் இவ்விரு சரிவுகளுக்கும் உள்ள உயர வேறுபாடு 9 சென்டிமீட்டர்தான். பல உயரத் தரவுகளின் பிழையே அதைவிட அதிகம்.

மேலும், கணக்கிடும் முன் உயரத் தரவில் உள்ள பள்ளங்களை நிரப்பிவிடுவதால், உண்மையில் நீர் நிற்கும் குழியின் ஆழமே மறைந்துபோகிறது. ஆகவே நிரப்பிய உயரத்திலிருந்து மூல உயரத்தைக் கழித்து, அந்த ஆழத்தையும் குறியீட்டுடன் சேர்த்துப் பார்க்க வேண்டுகிறேன். நன்றாக வடியும் ஓடையும் உயர்ந்த மதிப்பையே காட்டும் என்பதையும் மறக்கலாகாது. நீர் தேங்குவதில் மண்ணுக்கும் பங்குண்டு என்று நினைவூட்டிய நண்பர் கூறியது சரியே. ஆனால் அதன் பங்கு எவ்வளவு என்பதை, மழை ஓய்ந்த 2 நாளில் குழி தோண்டிப் பார்க்காமல் சொல்ல இயலாது.