‘டொலர்’ என்று எழுதுபவர் எந்த ஊர்க்காரர்?

ஒரு பதிவில் ‘கதைக்கிறது’ என்று ஒரு சொல் வந்தால் போதும், "நீங்க சிலோனா?" என்று கேட்க நாலு பேர் வந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், எழுதியவர் எந்த நாடு என்று கண்டுபிடிக்க வட்டாரச் சொல்லை மட்டும் நம்புவது சரிப்பட்டு வராது. ‘விளங்குதா?’ என்பது இலங்கைச் சொல் என்று அடித்துச் சொல்பவர்கள் கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு ஒரு நடை போய்வரலாம். அதோடு, கொஞ்சம் பொதுவான தமிழில் எழுத நினைக்கிறவர் முதலில் தூக்கிப் போடுவதே வட்டாரச் சொல்லைத்தான்.

எழுத்துக்கூட்டை அப்படித் தூக்கிப் போட யாருக்கும் தோன்றாது. வேறு மாதிரி எழுதுகிறோம் என்பதே பலருக்குத் தெரியாதே! தமிழ்நாட்டில் டாலர், டாக்டர், அக்டோபர், லாரி. இலங்கையில் டொலர், டொக்டர், ஒக்டோபர், லொறி. ஆங்கிலத்தின் அந்தக் குறுகிய ‘ஒ’ ஒலியை இந்திய உச்சரிப்பு பெரும்பாலும் ‘ஆ’ பக்கம் இழுத்துவிட்டது, இலங்கை ‘ஒ’வாகவே வைத்துக்கொண்டது. மலேசியாவில் அதே வண்டி ‘லோரி’. யாழ்ப்பாணத்து எழுத்து வழக்கு இன்னும் ஒரு படி போய் ஆங்கில ‘t’ ஒலியையே ‘ர’, ‘ற’ ஆக்கிவிடும். கனடாவின் பெரிய நகரத்தை ஒருவர் ‘டொராண்டோ’ என்கிறாரா, ‘ரொறன்ரோ’ என்கிறாரா என்று பாருங்கள். அவர் எந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் எழுதப் பழகினார் என்று கிட்டத்தட்ட சொல்லிவிடலாம்.

அடுத்து பணம். ‘ரூபா’ என்றாலே இலங்கை என்று நினைத்துவிடக் கூடாது. பேச்சில் சென்னைக்காரரும் ‘பத்து ரூபா’ என்றுதான் சொல்கிறார், பேசுவது போலவே எழுதும் பதிவில் அது ஒன்றுக்கும் உதவாது. செய்தி நடையில், வேற்றுமை உருபு ஏறும் இடத்தில்தான் வித்தியாசம் தெரியும். ‘விலை 50 ரூபாவினால் அதிகரித்தது’ என்றால் இலங்கை. தமிழ்நாட்டுச் செய்தியில் அது ‘50 ரூபாய் உயர்ந்தது’ என்று வரும். பக்கத்திலேயே ‘மில்லியன் ரூபா’வோ, சில்லறைக்குச் ‘சத’மோ இருந்தால் சந்தேகமே வேண்டாம். தமிழ்நாட்டு வாசகருக்குச் சதம் என்றால் கிரிக்கெட்தான். விலையை ‘வெள்ளி’யில் சொன்னால் சிங்கப்பூர் அல்லது மலேசியா. அந்த இரண்டில் எது என்று அந்தச் சொல் சொல்லாது, தொலைபேசி எண் சொல்லிவிடும். சிங்கப்பூர்க் கைப்பேசி எண் 8 அல்லது 9-இல் தொடங்கும் எட்டு இலக்கம். மலேசியாவில் 01 என்று ஆரம்பிக்கும்.

இப்போது ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். ஊர்ப் பெயர் கிடையாது. "தனி வாசலுடன் அறை வாடகைக்கு உண்டு. மாதம் 900 டொலர். சமையலறை பாவிக்கலாம். இரவு 8 மணிக்குப் பிறகு கதைக்கவும்." கீழே 905 என்று தொடங்கும் பத்து இலக்க எண். இந்தியக் கைப்பேசி எண்ணும் பத்து இலக்கம்தான், 6 முதல் 9 வரை எதிலும் தொடங்கலாம். அதனால் 905-ஐப் பார்த்தவுடன் இந்தியா என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் இலக்கங்களை எப்படிப் பிரித்திருக்கிறார் என்று கவனியுங்கள். இந்தியாவில் பெரும்பாலும் ஐந்து ஐந்தாகப் பிரிப்பார்கள், இங்கே மூன்று, மூன்று, நான்கு. 905 ரொறன்ரோவைச் சுற்றியுள்ள நகரங்களின் பகுதி எண். ‘டொலர்’, ‘பாவிக்கலாம்’, ‘கதைக்கவும்’ மூன்றும் இலங்கையைக் காட்டுகின்றன. இலங்கையிலிருந்தே போட்டிருந்தால் கைப்பேசி எண் 07 என்று தொடங்கியிருக்கும், வாடகையும் ரூபாவில் இருந்திருக்கும்.

ஆக, எழுதியவர் இருப்பது கனடா, எழுதப் பழகியது இலங்கை. இரண்டுமே சரி. இந்த இரண்டையும் ஒரே கேள்வியாக்கி ‘நாடு எது?’ என்று கேட்பதால்தான் பாதிச் சண்டை. பணமும் எண்ணும் இப்போது வாழும் இடத்தைச் சொல்லும். எழுத்துக்கூட்டு பள்ளிக்கூடத்தைச் சொல்லும். நாடு மாறியதும் எண்ணை மாற்றிவிடுவோம், ‘டொலர்’ என்று எழுதிப் பழகிய கை அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

இதிலும் இடறும் இடம் உண்டு. இலங்கையின் மலையகத் தமிழர் பேச்சு யாழ்ப்பாணத்தைவிடத் தமிழ்நாட்டுக்கு நெருக்கமானது. உரையாடலாக எழுதினால் பலரும் இந்தியா என்றே முடிவுகட்டுவார்கள். அதே ஆள் ஒரு முறைப்பாடு எழுதட்டும், ‘பொலிஸ்’, ‘ரூபா’, ‘கிராம உத்தியோகத்தர்’ எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். இன்னொன்று, வெட்டி ஒட்டிய பதிவுகள். கொழும்புச் செய்தியை மதுரைக்காரர் அப்படியே பகிர்ந்திருப்பார். செய்தி முழுக்க ‘பொலிஸ்’ இருக்கும், அதற்கு மேலே அவர் சொந்தமாகச் சேர்த்த ஒரு வரியில் மட்டும் ‘போலீஸ்’. நான் அந்த ஒரு வரியைத்தான் கணக்கில் எடுப்பேன்.